ஒரு செவ்வகத் துடிப்பு தெரிந்தால் போதும்: ஃபூரியர் உருமாற்றத்தில் நகர்வு, பண்பேற்றம், அளவு மாற்றம்

ஃபூரியர் உருமாற்றம் படிக்கத் தொடங்கும்போது பெரும்பாலானவர்கள் ஒரே வழியில்தான் போவார்கள். புதிதாக ஒரு துடிப்பைக் கொடுத்தால் உடனே தொகையீட்டுக் குறியைப் போட்டு, எல்லைகளை எழுதி, e-யின் அடுக்கோடு மல்லுக்கட்ட ஆரம்பிப்பார்கள். விடை வரும்தான். ஆனால் நடுவில் ஒரு கழித்தல் குறி நழுவினால், அதைத் தேடுவதற்கே பாதி நேரம் போய்விடும்.

சிக்னல் வேலை பார்த்துப் பழகியவர்கள் இப்படிச் செய்வதில்லை. ஒரு துடிப்பின் உருமாற்றம் அவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும். புதிதாக வரும் துடிப்பை, அதே பழைய துடிப்பை இழுத்து, நகர்த்தி, கோசைனால் பெருக்கிச் செய்ததாக எழுதிப் பார்ப்பார்கள். அப்படி எழுத முடிந்தால் விடை இரண்டு வரியில் வந்துவிடும். கஷ்டம் கணக்கில் இல்லை, அந்த எழுத்தில்தான்.

இதை ஒரு நிஜத் துடிப்பை வைத்தே பார்த்துவிடலாம். HC-SR04 என்ற மலிவான தூரம் அளக்கும் சென்சாரைப் பலர் கையாண்டிருப்பீர்கள். அதைத் தூண்டிவிட்டால் 40 கிலோஹெர்ட்ஸில் 8 சுற்றுகள் கொண்ட ஒரு குட்டி ஒலித் துடிப்பை அனுப்பும், காதுக்குக் கேட்காது. ஒரு சுற்றுக்கு 25 மைக்ரோ விநாடி, 8 சுற்றுக்கு 200 மைக்ரோ விநாடி. உள்ளே மின்சாரமாகப் போவது சதுர அலை. நாம் அதைக் கோசைன் என்றே வைத்துக்கொள்வோம்; `t = 0`-இல் தொடங்கி 200 மைக்ரோ விநாடியில் சட்டென்று நிற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். இதன் உருமாற்றம் என்ன?

முதலில் மனப்பாடம் செய்ய வேண்டிய அந்த ஒரே ஜோடி. அகலம் 1, உயரம் 1, சரியாக `t = 0`-ஐ நடுவில் வைத்த செவ்வகத் துடிப்பு. அதற்கு `rect(t)` என்று பெயர் வைப்போம்.

```
rect(t)  ↔  sinc(f),    sinc(x) = sin(πx)/(πx)
```

தொகையீடு செய்வது இந்த ஒரு முறைதான்: −½ முதல் ½ வரை `e^(-j2πft)`. இதற்குப் பிறகு இந்தக் கட்டுரையில் தொகையீடு கிடையாது. சின்க் வளைவு `f = 0`-இல் 1. 1, 2, 3 என்று ஒவ்வொரு முழு எண்ணிலும் (எதிர்ப்பக்கமும் அப்படியே) சுழியைத் தொடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லிவிட வேண்டும். சில புத்தகங்களில் சின்க் என்பது `sin(x)/x`, அதில் π கிடையாது. சிலவற்றில் அதிர்வெண் `f` இல்லாமல் `ω` இருக்கும். இரண்டும் சரிதான், ஆனால் ஒரு புத்தகத்தின் வாய்பாட்டையும் இன்னொன்றின் சின்க்கையும் சேர்த்துப் போட்டால் விடை கெட்டுவிடும். நான் இங்கே ஹெர்ட்ஸில் உள்ள `f`-ஐயும் π உள்ள சின்க்கையும் மட்டுமே வைத்திருக்கிறேன். பைத்தானின் `np.sinc` இதே வகைதான்.

சரி, முதல் பண்பு அளவு மாற்றம்.

```
x(at)  ↔  (1/|a|) X(f/a)
```

நேரத்தில் ஒன்றை நீட்டினால் அதிர்வெண்ணில் அது சுருங்கும், உயரம் கூடும். நமக்கு வேண்டியது `T` அகலமுள்ள செவ்வகம், அதாவது `rect(t/T)`. இங்கே `a = 1/T`. எனவே

```
rect(t/T)  ↔  T sinc(fT)
```

முன்னால் அந்த `T` ஏன் வந்தது என்று குழம்ப வேண்டாம். எந்த உருமாற்றத்திலும் `f = 0`-இல் கிடைப்பது அந்தத் துடிப்பின் பரப்பளவுதான். உயரம் 1, அகலம் `T` என்றால் பரப்பு `T`. அதுதான் அங்கே நிற்கிறது. இந்தச் சோதனையை ஒவ்வொரு விடைக்கும் போட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், `1/|a|` என்பதை மறந்துவிடும் தவறு அங்கேயே பிடிபடும். 200 மைக்ரோ விநாடி செவ்வகத்துக்கு முதல் சுழி `1/T`-இல், அதாவது 5 கிலோஹெர்ட்ஸில்.

இரண்டாவது, கால நகர்வு.

```
x(t - t0)  ↔  e^(-j2πf·t0) X(f)
```

துடிப்பு `t0` தாமதமாக வந்தால் அதற்குள் இருக்கும் ஒவ்வொரு அதிர்வெண்ணும் அதே `t0` தாமதமாகும். `f` ஹெர்ட்ஸ் அலைக்கு அந்தத் தாமதம் `f·t0` சுற்றுகள். அடுக்கில் இருப்பது இதுவே. அந்த அடுக்கின் அளவு எப்போதும் 1 என்பதால் வீச்சு வரைபடம் கொஞ்சமும் மாறாது; கட்டம் மட்டும் நேர்கோடாகச் சரியும்.

சென்சாரின் எதிரொலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1 மீட்டர் தள்ளி ஒரு சுவர். ஒலி போய்த் திரும்ப 2 மீட்டர். 20 டிகிரி வெப்பத்தில் காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும் என்பதால் தாமதம் 5.83 மில்லி விநாடி. அனுப்பிய துடிப்பின் வீச்சு வரைபடத்தையும் எதிரொலியின் வீச்சு வரைபடத்தையும் அடுத்தடுத்து வைத்தால், எதிரொலி மெலிந்திருக்கும் என்பதைத் தவிர வடிவத்தில் வித்தியாசம் தெரியாது. சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற செய்தி முழுக்கக் கட்டத்தில் இருக்கிறது. 40-லிருந்து 41 கிலோஹெர்ட்ஸுக்குப் போவதற்குள் கட்டம் 5.83 முறை முழுதாகச் சுற்றிவிடும். கணினியில் வரைந்தால் அது ±180 டிகிரிக்குள் மடக்கிக் காட்டுவதால் ரம்பப் பல் மாதிரி தெரியும். நேர்கோடு எங்கே போயிற்று என்று திகைக்காதீர்கள். அந்தப் பற்களை ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டினால் நேர்கோடுதான்.

இந்த இரண்டு பண்புகளை மட்டும் வைத்தே ஒரு பயனுள்ள துடிப்பைக் கட்டலாம். பழைய 10 மெகாபிட் ஈத்தர்நெட்டில் ஒவ்வொரு பிட்டும் மான்செஸ்டர் முறையில் போனது: 100 நானோ விநாடியில் முதல் பாதி +1, மறுபாதி −1 (அல்லது தலைகீழாக). நடுப்புள்ளியை சுழியில் வைத்தால், இது `T/2` அகலமுள்ள இரண்டு செவ்வகங்கள். ஒன்று `T/4` முன்னால், இன்னொன்று குறி மாறி `T/4` பின்னால். செவ்வகத்தின் உருமாற்றம் `(T/2) sinc(fT/2)`. முன்னால் போனதற்கு `e^(+jπfT/2)`, பின்னால் வந்ததற்கு `e^(-jπfT/2)`. இரண்டையும் கழித்தால் `2j sin(πfT/2)`. ஆக,

```
X(f) = j T sinc(fT/2) sin(πfT/2)
```

பரப்புச் சோதனை: கூட்டலும் கழித்தலும் சமமாக இருப்பதால் பரப்பு சுழி, `f = 0` போட்டாலும் சுழி. பொருந்துகிறது. இந்தச் சுழி வெறும் கணக்கு வேடிக்கை இல்லை. கம்பியின் முனையில் இருந்த மின்மாற்றி நேர்மின்னோட்டத்தை விடாது. இந்தத் துடிப்பில் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்பதால் சிக்கல் இல்லாமல் போய்விடும். இரண்டு செவ்வகங்களைத் தனித்தனியாகத் தொகையிட்டிருந்தால் நான்கு எல்லைகளோடு போராடியிருப்போம்.

நகர்வும் அளவு மாற்றமும் சேர்ந்து வரும் இடத்தில் ஒரு குழி இருக்கிறது. `x(2t - 3)` என்று வந்தால் நகர்வு எவ்வளவு? 3 என்றுதான் கை எழுதப் பார்க்கும். அதை `x(2(t - 1.5))` என்று எழுதிப் பாருங்கள். துடிப்பின் நடு எங்கே விழுகிறது? அடைப்புக்குள் இருப்பது சுழியாகும் இடத்தில், அதாவது `t = 1.5`-இல். நகர்வு 1.5 தான். உருமாற்றம் `½ X(f/2) e^(-j2πf·1.5)`. `t`-யை எப்போதும் தனியாக வெளியே எடுத்து எழுதிவிட்டு அப்புறம் பண்பைப் போடுங்கள், இந்தக் குழியில் விழ மாட்டீர்கள்.

மூன்றாவது பண்பேற்றம். ஒரு துடிப்பைக் கோசைனால் பெருக்கினால், அதன் நிறமாலை இரண்டு பிரதிகளாகி, ஒன்று `+f0`-க்கும் ஒன்று `-f0`-க்கும் போய் உட்காரும். ஒவ்வொன்றும் பாதி உயரம்.

```
x(t) cos(2πf0·t)  ↔  ½ X(f - f0) + ½ X(f + f0)
```

இது எங்கிருந்து வருகிறது என்பதை ஒரே வரியில் பார்க்கலாம். கோசைன் என்பது `½e^(j2πf0·t) + ½e^(-j2πf0·t)`. முதல் பாதியை உருமாற்றத்தின் `e^(-j2πft)`-யோடு பெருக்கினால் `f` இருந்த இடத்தில் `f - f0` வரும். மற்றபடி எதுவும் மாறாது.

இப்போது நம் சென்சார் துடிப்புக்கு வருவோம். அது என்ன? 0 முதல் `T` வரை நிற்கும் செவ்வகத்தை 40 கிலோஹெர்ட்ஸ் கோசைனால் பெருக்கியது. அந்தச் செவ்வகத்தின் நடு `T/2`-இல் இருக்கிறது. எனவே முதலில் நீட்டு, அப்புறம் `T/2` நகர்த்து, கடைசியில் பெருக்கு:

```
rect(t)              ↔  sinc(f)
rect(t/T)            ↔  T sinc(fT)
g = rect((t-T/2)/T)  ↔  G(f) = T sinc(fT) e^(-jπfT)
g·cos(2πf0·t)        ↔  ½ G(f-f0) + ½ G(f+f0)
```

முடிந்தது. `T` 200 மைக்ரோ விநாடி என்பதால் 40 கிலோஹெர்ட்ஸைச் சுற்றிய பெரிய மேடு 35-இலிருந்து 45 வரை பரவும். உச்சி `T/2`, அதாவது 100 மைக்ரோ விநாடி (உருமாற்றத்துக்கு நேரத்தின் அலகு வருவது இயல்புதான், மின்னழுத்தத்தை நேரத்தால் பெருக்கிக் கூட்டியிருக்கிறோம்). சென்சார் 8 சுற்றுக்குப் பதில் 16 சுற்று அனுப்பினால் மேடு 37.5-க்கும் 42.5-க்கும் நடுவே குறுகி, உச்சி இரட்டிப்பாகும். ஒரு சதத் தொகையீடும் இல்லாமல் இதைச் சொல்ல முடிகிறது.

எண்ணைப் போட்டு ஒரு முறை சரிபார்த்துவிடுவது நல்லது. 42 கிலோஹெர்ட்ஸை எடுத்துக்கொள்வோம். `(f - f0)T` = 0.4, `sinc(0.4)` = 0.757. எதிர்ப்பக்கப் பிரதியிலிருந்து `(f + f0)T` = 16.4, `sinc(16.4)` = 0.018. இந்த இடத்தில் இரண்டின் கட்டமும் ஒன்றுதான், −72 டிகிரி, ஆகவே நேராகக் கூட்டலாம். மொத்தம் 0.775, அதை 100 மைக்ரோ விநாடியால் பெருக்க 77.5. கணினி என்ன சொல்கிறது என்று பாருங்கள்:

```python
import numpy as np
f0, N, f, M = 40e3, 8, 42e3, 20000
T = N / f0
t = (np.arange(M) + 0.5) * T / M
X = np.sum(np.cos(2*np.pi*f0*t) * np.exp(-2j*np.pi*f*t)) * T / M
G = lambda u: T * np.sinc(u*T) * np.exp(-1j*np.pi*u*T)
print(X, 0.5*G(f - f0) + 0.5*G(f + f0))
```

முதல் எண், துடிப்பை நுணுக்கமாக நறுக்கிக் கூட்டியது. இரண்டாவது, நம் வாய்பாடு. இரண்டுமே ஏறத்தாழ `2.396e-05 - 7.373e-05j` என்று வரும்.

பலர் எதிர்ப்பக்கப் பிரதியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள். இங்கே அதனால் வரும் பிழை 2 சதவீதம் சொச்சம். விட்டாலும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் துடிப்பில் ஒன்றிரண்டு சுற்றுகள்தான் இருக்கின்றன என்றால் இரண்டு பிரதிகளின் வால்களும் நன்றாகவே ஒன்றன் மேல் ஒன்று ஏறும். அப்போது விடுவது தப்பு.

அடுத்தது, வரிசை. நீட்டி, நகர்த்தி, பெருக்கினோம். பெருக்கிவிட்டு அப்புறம் நகர்த்தினால் என்ன? அப்போது கோசைனும் சேர்ந்து நகரும். நமக்குக் கிடைப்பது `cos(2πf0(t - T/2))`. இரண்டுக்கும் இடையே `f0·T/2` சுற்று வித்தியாசம். நம் எடுத்துக்காட்டில் அது 8-இல் பாதி, 4 முழுச் சுற்று. முழுச் சுற்று என்றால் வித்தியாசமே தெரியாது! அதாவது தப்பான வரிசையில் போட்டாலும் சரியான விடை வரும். இதுதான் ஆபத்து. இதே கணக்கை 7 சுற்றுக்குப் போடுங்கள்: பாதி 3.5 சுற்று, கோசைன் தலைகீழாகிவிடும், விடை முழுவதும் குறி மாறி நிற்கும். வீச்சு வரைபடத்தில் அது தெரியாது. இரண்டு எதிரொலிகளைக் கூட்டும்போது, கூட வேண்டிய இடத்தில் அழிந்துபோய்த்தான் காட்டிக்கொடுக்கும்.

இதைப் பிடிக்க எளிய வழி, `f = f0`-இல் மதிப்பைப் பார்ப்பது. `t = 0`-இல் உச்சியிலிருந்து தொடங்கும் கோசைன், முழுச் சுற்றுகளாக ஓடினால் அங்கே கிடைக்க வேண்டியது `+T/2`. தப்பான வரிசையில் 7 சுற்றுக்குப் போட்டால் `-T/2` வரும். பரப்புச் சோதனை இங்கே உதவாது. முழுச் சுற்றுகளின் பரப்பு எப்படியும் சுழி.

அளவு மாற்றத்திலும் இதே போன்ற ஒரு மயக்கம் உண்டு. 8 சுற்றிலிருந்து 16 சுற்றுக்குப் போனபோது நாம் நீட்டியது உறையை, அதாவது அலையின் வெளிவடிவமான அந்தச் செவ்வகத்தை மட்டும். உள்ளே ஓடும் 40 கிலோஹெர்ட்ஸ் அப்படியே இருந்தது. முழுத் துடிப்பையும் `x(at)` என்று சுருக்கினால் உள்ளே இருக்கும் அலையும் சேர்ந்து சுருங்கும். `a = 2` என்றால் மேடு அகலமாவதோடு நிற்காது, 80 கிலோஹெர்ட்ஸுக்கே போய்விடும்.

டாப்ளர் விளைவு இந்த இரண்டாவது வகை. சென்சாரை நோக்கி ஒருவர் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நடந்து வருகிறார் என்றால், எதிரொலி நேரத்தில் 344/342 மடங்கு சுருங்கும், அதாவது 1.00585. 40 கிலோஹெர்ட்ஸ் 234 ஹெர்ட்ஸ் மேலே ஏறும். இதை எல்லாரும் "அதிர்வெண் நகர்வு" என்று பண்பேற்றம் மாதிரியே பேசுகிறார்கள். உண்மையில் இது அளவு மாற்றம். 35 கிலோஹெர்ட்ஸ் விளிம்பு 205 ஹெர்ட்ஸ் ஏறும், 45 விளிம்பு 263 ஏறும். 10 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள மேட்டில் இந்தச் சில பத்து ஹெர்ட்ஸ் வித்தியாசம் கண்ணில் படாது என்பதால்தான் நகர்வு என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். துடிப்பின் அதிர்வெண் பரப்பு மிக அகலமாக இருக்கும் இடங்களில் அப்படித் தப்பிக்க முடியாது.

இன்னொரு விஷயம். நம் செவ்வக உறை ஒரு பொய். சென்சாரின் ஒலி உமிழி 40 கிலோஹெர்ட்ஸுக்கு அருகில் ஒத்ததிரும் ஒரு சாதனம். மின்சாரம் வந்த உடனே முழு வீச்சில் அதிராது, நின்ற உடனே நிற்கவும் நிற்காது. காற்றில் வருவது மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் துடிப்பு. அதற்குக் கொஞ்சம் நெருக்கமாகப் போக, மேடு போன்ற ஓர் உறையை எடுத்துப் பார்க்கலாம்: `½ + ½cos(2πt/T)`, −T/2 முதல் T/2 வரை. உமிழியின் உறை இப்படிச் சமச்சீராக இருக்காது, இறங்கும் பக்கம் நீளமாக இருக்கும். ஆனால் கூர்மையான விளிம்புகள் போனால் என்ன ஆகிறது என்று பார்க்க இது போதும்.

முதல் பார்வைக்கு இது புதிய தொகையீடு மாதிரி இருக்கும். இல்லை. பாதிச் செவ்வகம் ஒன்று. அதோடு, இன்னொரு பாதிச் செவ்வகத்தை `1/T` அதிர்வெண் கோசைனால் பெருக்கியது. அதாவது பண்பேற்றம்தான், `f0 = 1/T` என்ற மிக மெதுவான கோசைனோடு. பண்பேற்றம் என்றால் வானொலி மாதிரி வேகமான அலைதான் வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எனவே நேராக:

```
X(f) = (T/2) sinc(fT) + (T/4) sinc(fT-1) + (T/4) sinc(fT+1)
```

`f = 0`-இல் மற்ற இரண்டும் சுழி, மிஞ்சுவது `T/2`. இந்த உறையின் பரப்பும் அதுதான். `f = 1/T`-இல் `sinc(fT-1)` உறுப்பு மட்டும் உயிரோடு இருந்து `T/4` தருகிறது. செவ்வகத்துக்கு இதே இடத்தில் சுழி இருந்தது. இங்கே முதல் சுழி `2/T`-க்குத் தள்ளிப் போய்விட்டது. அதையும் கோசைனால் பெருக்கி 40 கிலோஹெர்ட்ஸுக்குத் தூக்கினால், மேடு 30-இலிருந்து 50 வரை பரவும். முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்கு அகலம்.

அந்த அகலத்துக்கு ஈடாகக் கிடைப்பது பக்க மேடுகளில். செவ்வகத்தின் முதல் பக்க மேடு உச்சியில் 21.7 சதவீதம் இருக்கும். இந்த உறைக்கு 2.7 சதவீதம்தான். காரணம் வாய்பாட்டிலேயே இருக்கிறது. `fT` 2-ஐத் தாண்டிய பிறகு, நகர்த்திய இரண்டு சின்க்குகளும் நகர்த்தாத சின்க்குக்கு எதிர்க்குறியில் வருகின்றன. ஒன்று அலை போல ஏறும் இடத்தில் மற்றவை இறங்கி, ஒன்றையொன்று கிட்டத்தட்ட அழித்துவிடுகின்றன. `fT = 2.5` போட்டுப் பாருங்கள்: நகர்த்தாத `sinc(fT)` உறுப்பு 0.0637, மற்ற இரண்டும் சேர்ந்து −0.0758 (இரண்டும் `T`-இன் மடங்காக). கூட்டினால் −0.0121, உச்சியான 0.5-இல் அது 2.4 சதவீதம்.